புரண்ட பிட் எந்த இடத்தில்?

1940களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிலேக்களால் இயங்கும் கணிப்பொறி ஒன்று இருந்தது. கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங்கின் கணக்குகளுக்கு வார இறுதியில்தான் அதில் முறை வரும். அப்போது பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். நடுவில் பிழை நேர்ந்தால் பொறி அதைக் கண்டுகொள்ளும், ஆனால் திருத்தத் தெரியாது. அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை உண்டு என்று சொல்லத் தெரிந்த பொறிக்கு, அது எங்கே என்று சொல்லத் தெரியாதா? ஹாமிங்கை எரிச்சலூட்டிய இந்தக் கேள்விக்கான விடை 1950இல் கட்டுரையாக வெளிவந்தது.

பிட் என்பது 0 அல்லது 1. அனுப்பவேண்டியவை 1, 0, 1, 1 என்ற நான்கு பிட்கள் என்று கொள்வோம். ஏழு இடங்களை வரிசையாக எண்ணிட்டு 1, 2, 4 ஆகிய மூன்றையும் சோதனை பிட்களுக்கு ஒதுக்குகிறோம். இவற்றைப் பாரிட்டி பிட்கள் என்பார்கள். தகவல் 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் அமரும்.

ஏன் 1, 2, 4? ஏழு வரையுள்ள எந்த எண்ணையும் இந்த மூன்றைக் கொண்டு ஒரே ஒரு விதத்தில்தான் கூட்டிப் பெறமுடியும். 6 என்றால் 4+2. ஆகவே ஆறாம் இடத்தை 4, 2 ஆகிய இரண்டு பிட்கள் மட்டும் கண்காணிக்கும். இதே கணக்குப்படி முதல் பிட்டின் குழு 1, 3, 5, 7. இரண்டாம் பிட்டின் குழு 2, 3, 6, 7. நான்காம் பிட்டின் குழு 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி சோதனை பிட்டை நிரப்பவேண்டும், அவ்வளவுதான். முதல் குழுவில் தகவல் பிட்கள் 1, 0, 1. ஏற்கெனவே இரட்டைப்படை, எனவே 0 போதும். இரண்டாவதில் மூன்று 1-கள், எனவே 1 வேண்டும். மூன்றாவதில் 0.

```
இடம்: 1 2 3 4 5 6 7
பிட்:  0 1 1 0 0 1 1
```

வழியில் ஆறாம் பிட் புரண்டு, `0110001` என்று போய்ச் சேர்கிறது. பெறுபவர் மூன்று குழுக்களையும் எண்ணுகிறார். முதல் குழுவில் இரண்டு 1-கள், சரி. இரண்டாவதில் மூன்று, தவறு. நான்காம் பிட்டின் குழுவில் ஒன்றே ஒன்று, தவறு. தவறிய குழுக்களின் எண்கள் 2, 4. கூட்டினால் 6. இந்தக் கூட்டுத்தொகைக்கு சிண்ட்ரோம் என்று பெயர். ஆறாம் இடத்து 0-வை 1 ஆக்கினால் பழைய வரிசை திரும்பிவிடும். சிண்ட்ரோம் 0 என்றால் பிழை இல்லை. சோதனை பிட்டே புரண்டாலும் கவலையில்லை. அதன் குழு மட்டும் தவறி, அதன் இடத்தையே காட்டிக்கொடுக்கும்.

ஒரு பிட் மட்டுமே புரண்டது என்று நம்புவதால்தான் இதெல்லாம் பலிக்கிறது. மூன்றாவதும் ஆறாவதும் சேர்ந்து புரண்டால் சிண்ட்ரோம் 5 என்று வரும். நல்ல நிலையில் இருக்கும் ஐந்தாம் பிட்டைத் 'திருத்தி', இரண்டு பிழைகளை மூன்றாக்கிவிடுவோம். இதைத் தடுக்க எட்டாவதாக ஒரு பிட் சேர்த்து, மொத்த வரிசையின் 1-களையும் இரட்டைப்படையாக்குவார்கள். சிண்ட்ரோம் பிழை என்கிறது, மொத்த எண்ணிக்கையோ இரட்டைப்படையாகவே இருக்கிறது என்றால் புரண்டவை இரண்டு. அப்போது எதையும் தொடாமல் எச்சரிக்கை மட்டும் தரவேண்டும். சர்வர்களின் நினைவகத்தில் 64 தகவல் பிட்களோடு 8 சோதனை பிட்களைச் சேர்த்து 72 ஆக வைக்கும் வழக்கமான ஏற்பாடும் இதே கணக்கில்தான் நடக்கிறது.