கண்டி மழைக்காட்டு நாடா, சவன்னா நாடா?

ஆனி மாதத்திற் கண்டி நகரிலிருந்து மாத்தளை வழியாக அநுராதபுரம் செல்லும் பிரயாணி ஒரு விந்தையைக் காண்பான். புறப்படும்போது வாவிக்கரையில் மழை தூறிக்கொண்டிருக்கும். மலைகளெல்லாம் பசுமையாய் இருக்கும். தம்புள்ளையைத் தாண்டியதும் புல் பழுத்துக் கிடக்கும். குளத்து நீர் கரையை விட்டு உள்வாங்கியிருக்கும். இடைத்தூரமோ நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் குறைவு. இவ்விரண்டு ஊர்களும் ஒரே சீதோஷ்ண நிலையைச் சேர்ந்தவையா? எண்களைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

அவ்வழியை வகுத்தவர் விளாடிமிர் கொப்பென் (1846–1940). ருஷியாவிற் பிறந்து ஜெர்மனியிற் பணியாற்றிய இவர் தாவரவியலும் அறிந்தவர். எந்த மரம் எவ்விடத்தோடு நின்றுவிடுகிறது என்று நோக்கி, அவ்வெல்லைக்குப் பொருந்தும் வெப்ப அளவையும் மழை அளவையும் தேடினார். 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வகுப்பைப் பின்னர் அவரே பலமுறை திருத்தினார். ஓர் ஊரை இதன்படி வகுக்க, பன்னிரண்டு மாதங்களின் சராசரி வெப்பமும் மழைவீழ்ச்சியும் இருந்தாற் போதும்.

முதலில் வெப்பம். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திற்கூடச் சராசரி வெப்பம் 18 பாகை செல்சியஸுக்குக் குறையாதிருந்தால் அவ்வூர் அயனமண்டல வகுப்பைச் சேரும். கண்டியில் ஜனவரியிலும் சராசரி ஏறக்குறைய 23 பாகை, ஆகவே தேறிவிடுகிறது. நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரியே ஏறக்குறைய 16 பாகைதான். அயனப் பிரதேசத்தின் நடுவில் இருந்தும், உயரத்தின் காரணமாக அது இவ்வகுப்பிலிருந்து விலகிவிடுகிறது.

அடுத்தது மழை. இங்கே ஆண்டு முழுவதும் பெய்த மழையைக் காட்டிலும், மிக வறண்ட மாதத்தின் மழையே முதன்மையானது. அம்மாதத்தில் 60 மில்லிமீற்றரேனும் பெய்தால் அது மழைக்காட்டுச் சீதோஷ்ணம். கண்டியில் பெப்ரவரி, மார்ச் மாதங்களே வறண்டவை. அப்போதும் சராசரியாக ஏறக்குறைய 70 மில்லிமீற்றர் பெய்கிறது. எனவே கண்டி, பத்து மில்லிமீற்றர் வித்தியாசத்தில், மழைக்காட்டு வகுப்பில் நிற்கிறது.

அறுபதுக்குக் குறைந்தால் உடனே சவன்னா ஆகிவிடுமா? இல்லை. ஆண்டு மழையை 25 ஆல் வகுத்து, வந்த எண்ணை 100 இலிருந்து கழிக்க வேண்டும். வறண்ட மாதத்தின் மழை அந்த விடைக்கும் குறைந்தாலே சவன்னா. இடைப்பட்டது பருவக்காற்று வகை. ஆண்டில் நிறைய மழை பெய்யும் இடத்தில், நிலத்திற் சேர்ந்த நீர் குறுகிய வறட்சியைத் தாங்க உதவும் என்பதே இக்கணக்கின் கருத்து.

அநுராதபுரத்தைச் சோதிப்போம். ஆண்டு மழை ஏறக்குறைய 1,300 மில்லிமீற்றர். அதனை 25 ஆல் வகுத்தால் 52. நூறிலிருந்து கழித்தால் 48. அங்கே ஜூன் மாத மழை 20 மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. ஆகவே அது அயனமண்டலச் சவன்னா. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபுறத்தில் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என்றழைப்பது இக்காற்றையே. ஆப்பிரிக்கச் சவன்னாவின் வறட்சி பெரும்பாலும் குளிர்காலத்தில் வரும். நம் நாட்டிலோ வெயில் மிகுந்த காலத்தில் வருகிறது.

பாலைநிலத்திற்கு வேறு அளவுகோல் உண்டு. உண்மையில் அச்சோதனையையே முதலிற் செய்தல் வேண்டும். வெப்பம் மிகுந்த இடத்தில் பெய்த மழை விரைந்து ஆவியாகிவிடும். ஆதலால் ஆண்டுச் சராசரி வெப்பத்தை 20 ஆற் பெருக்க வேண்டும். மழையின் பெரும்பகுதி கோடையிற் பெய்தால் அதனோடு 280 கூட்ட வேண்டும். குளிர்காலத்திற் பெய்தால் எதுவும் கூட்ட வேண்டியதில்லை. கிடைத்த தொகையிற் பாதியளவு மழைகூடப் பெய்யாத இடமே பாலை. இராஜஸ்தானத்து ஜெய்சால்மரில் வெப்பம் ஏறக்குறைய 27 பாகை. மழை கோடையிலே பெய்வது. கணக்கு 820, அதிற் பாதி 410. அங்கே பெய்வதோ ஏறக்குறைய 200 மில்லிமீற்றர். ஐயமின்றி அது பாலைநிலமே.

மன்னாரைக் கண்டோர் சிலர் அதனையும் பாலை என்பர். ஆனால் அதன் வெப்பம் 28 பாகை. மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவத்திற் பெய்வதால் கணக்கு 560. பெய்யும் மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர். மணலும் முட்புதரும் கண்ணை ஏமாற்றினாலும், மன்னார் பாலையன்று, சவன்னாவே.

இம்முறைக்கும் எல்லையுண்டு. முப்பது ஆண்டுச் சராசரி ஒரு வருடத்து வறட்சியைக் காட்டாது. ஒரு மழைமானி ஊர் முழுவதற்கும் பேசாது. கண்டிக்குக் கிழக்கே குண்டசாலையிலும் திகனையிலும் நகரைவிடக் குறைவாகவே மழை பெய்கிறது. ஆகவே கண்டியை மழைக்காட்டு நாடு என்று எழுதும் மாணவன், அந்தப் பத்து மில்லிமீற்றரையும் பக்கத்திலே குறித்து வைப்பானாக.