வாயில் வைக்கும் பொம்மைக்கு எந்தப் பூச்சு?

சன்னபட்னாவில் கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. தாழை மடலால் தேய்த்ததும் பளபளக்கிறது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. மாத்திரைகளின் மேலுறைக்கும் பயன்படுவதால், குழந்தை சப்பினாலும் கவலையில்லை. சேர்க்கும் நிறமும் அதேபோல் பாதுகாப்பானதா என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் செய்பவர்கள் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசலாம். ஸ்பிரிட் ஆவியானதும் பூச்சு இறுகிவிடும். ஆனால் கரைசல் பழசானால் சரியாகக் காயாது. முதலில் கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள்.

பாலியூரித்தேன் வேறு வகை. அது வேதிவினையால் இறுகுகிறது. ஒரே நாளில் கைக்கு உலர்ந்ததாகத் தெரியும். எண்ணெய் சார்ந்த வகை முழுதாக இறுக ஏறக்குறைய 30 நாள் ஆகும். அதுவரை குழந்தையிடம் தரவே கூடாது. மூக்கருகே வைத்தால் வாடை அடிக்கிறதென்றால் இன்னும் முடியவில்லை. இறுகிய பிறகு பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் பல் பதியும் இடத்தில் செதிலாக உரியலாம்.

கிலுகிலுப்பைக்கு நான் அரக்கையே சொல்வேன். சூடான கஞ்சி ஊற்றும் கிண்ணத்துக்கு அது ஆகாது: சூட்டில் வெளுக்கும், சோப்பில் கரையும். அங்கே முழுதாக இறுகிய பாலியூரித்தேன் தாங்கும். உரியத் தொடங்கினால் கிண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள்.