அக்கரைச் சம்பளம் – 9: ரூமில் உட்கார்ந்து செய்தாலும் வேலைதான்

பாஸ், லெவி, சம்பளப் பிடித்தம் ஆகியவற்றைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். கையில் லேப்டாப்பும் இரவில் இரண்டு மணி நேரமும் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டே, ஊரில் இருக்கும் ஒருவருக்கு ஆன்லைனில் வேலை செய்து கொடுத்துக் கூடுதலாக நாலு காசு அனுப்ப முடியுமா?

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.காம். படித்தவர், டேலி நன்றாகத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலைக்குப் போயிருக்கிறார். இப்படிப் பட்டம் வாங்கியவர்கள் அங்கே சிமென்ட் மூட்டை தூக்குவது புதிய செய்தி அல்ல. ஊரில் தெரிந்த கடைக்காரர் கேட்கிறார்: “தம்பி, மாசாமாசம் ஜிஎஸ்டி கணக்கைப் போட்டுக் கொடுத்திடு, 2,500 ரூபாய் தர்றேன்.” அவரைப் பார்த்து இன்னும் இரண்டு கடைகளும் வந்தால் மாதம் 7,500 ரூபாய். வாடிக்கையாளர் இந்தியாவில், பணமும் இந்தியாவில். இதில் சிங்கப்பூருக்கு என்ன வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல். வொர்க் பெர்மிட்டின் நிபந்தனைகள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தாண்டிப் போகின்றன. பெர்மிட்டில் பெயர் உள்ள முதலாளிக்கு மட்டும், அதில் குறித்த தொழிலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். சொந்தத் தொழிலோ, சுயமாக வேலை எடுத்துச் செய்வதோ கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. டார்மிட்டரிக் கட்டிலில் உட்கார்ந்து கீ போர்டைத் தட்டினாலும் வேலை நடப்பது சிங்கப்பூர் மண்ணில்தான். செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது சட்டம். வழக்கு வரை போகாவிட்டாலும், பாஸ் ரத்தாகி மறுபடி உள்ளே வர முடியாமல் போனாலே போதும். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் தலையில் நிற்கும்.

யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். அறைக்குள் ஒரு சண்டை வந்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: கடைக்காரர் மூன்று மாதப் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் இவர் யாரிடம் போய்ச் சொல்வார்? வேலை செய்ததே தப்பு என்றாகும்போது கூலி கேட்டு வாய் திறக்க முடியாது.

முதலில் கையில் உள்ள கணக்கைப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வையுங்கள். சிங்கப்பூர் முறைப்படி 800-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 20 காசு. ஓடி-க்கு இதில் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 6 வெள்ளி 30 காசு. மாதம் 20 மணி நேரம் ஓடி செய்தால் ஏறக்குறைய 126 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று போட்டால் 8,000 ரூபாயைத் தாண்டுகிறது. மூன்று கடைக் கணக்கு தரும் பணத்தைவிட அதிகம். (மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடியின் உச்சவரம்பு.) முதலாளி சொல்லி ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். சம்பளச் சீட்டில் ஓடி மணி நேரத்தையும் விகிதத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது, ராத்திரி கண் விழித்து இன்வாய்ஸ் போடுவதைவிட லாபமான வேலை என்பேன்.

சரி, அந்த மூன்று கடைகளையும் விட்டுவிட வேண்டுமா? வீட்டில் மனைவியும் பி.காம். என்றால், அல்லது கற்றுக்கொள்ளத் தயார் என்றால், அந்த வேலை அவருடையதாகலாம். பெயருக்கு அவருடையது என்றில்லாமல் நிஜமாகவே. கடைக்காரர் கொள்முதல் பில்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்புகிறார். அவர் டேலியில் ஏற்றுகிறார். மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடையென்றால், விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14-ஆம் தேதி வாக்கில் 2பி அறிக்கை வரும். வரியைக் கட்ட வேண்டிய 3பி-க்கு 20-ஆம் தேதி கடைசி. இந்த 14-க்கும் 20-க்கும் நடுவில்தான் கூலிக்கான நிஜ உழைப்பு. சரக்கு கொடுத்தவர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், கையில் பில் இருந்தும் 2பி-யில் அந்த வரி வராது. அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டு, “இந்த மொத்த வியாபாரிகிட்ட போன் பண்ணுங்கண்ணே” என்று கடைக்காரரிடம் சொல்பவர்தான் நல்ல கணக்காளர். தாக்கலை முடிக்கும் ஓடிபி கடைக்காரர் போனுக்குத்தான் போகும், ஆகவே கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது. தாமதமானால், வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். இரண்டு முறை அப்படியானால் கடை கைமாறிவிடும்.

முதல் மூன்று மாதம் ஒரே கடை போதும். கணவர் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சந்தேகம் தீர்த்து வைக்கலாம். மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தொழில் என்று யாரும் கூறமாட்டார்கள். ஆனால் பில்லை அவரே ஏற்றி, அவரே ஃபைலை அனுப்பி, பணம் மட்டும் மனைவி பெயரில் வந்தால் அது பழைய கதைதான். எளிய சோதனை உண்டு: கணவரின் லேப்டாப் ஒரு மாதம் பழுதானாலும் 11-ஆம் தேதி தாக்கல் போகுமா?

அதே மனிதர் துபாயில் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அங்கே இன்னொரு நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்கு மனிதவள அமைச்சகத்தின் தனி அனுமதி இருக்கிறது. அனுமதியை அந்த இரண்டாவது நிறுவனம் வேலை தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் தேரா பக்கக் கடை ஒன்றுக்கு அறையிலிருந்தே கணக்கு எழுதலாம். டிசைன், ஊடகம், கல்வி, டெக் துறைகளுக்கு துபாயில் கோ ஃப்ரீலான்ஸ் என்ற அனுமதி உண்டு. கட்டணம் 7,500 திர்ஹாம். நிறுவன விசாவில் இருப்பவர் முதலாளியிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வாங்க வேண்டும். கணக்கெழுதுபவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். போஸ்டர் டிசைன் செய்பவர் வருவார், ஆனால் திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்றால் கட்டணமே 1,72,500 ரூபாய். ஊர்க் கடைகளிடம் மாதம் 7,500 ரூபாய் வாங்கினால் அதை எடுக்கவே 23 மாதம் ஆகும். உள்ளூரில் மாதம் 1,500 திர்ஹாம் தரும் வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே உறுதியாக இருந்தால் ஐந்தே மாதம். அந்த உறுதி வரும்வரை கட்டணத்தைக் கட்ட வேண்டாம்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒன்று. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபின் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. அதை என்ஆர்ஓ-வாக மாற்ற வேண்டும். சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. கணவர் மனைவிக்கு நேரடியாக அனுப்பும் பணத்துக்கும் மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் மனைவி அதை டெபாசிட் போட்டால் வரும் வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். கடைக் கணக்கில் அவர் சம்பாதிப்பது அவருடைய சொந்த வருமானம். இரண்டும் ஒரே கணக்கில் விழுந்தால் நாலு வருடம் கழித்து எது எது என்று பிரிக்க முடியாது. ஆகவே முதல் கடைக்காரர் பணம் போடும் முன்பே மனைவி தன் பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்துவிட வேண்டும்.

(தொடரும்)