எஸ்டர் வினை எங்கே நிற்கிறது?

பாரிஸில் 1860-களின் தொடக்கத்தில் பெர்தலோ, பியன் த சான் ழில் என்ற இரு வேதியியலாளர்கள் அசெட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் கலந்து, கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, எவ்வளவு அமிலம் மிஞ்சுகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் ஆல்கஹால் என்ற சம அளவில் கலந்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமிலம் எஸ்டராகிறது. அதன் பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் மாற்றமில்லை. தலைகீழாக, எத்தில் அசெட்டேட் என்ற எஸ்டரையும் நீரையும் சம அளவில் கலந்து வைத்தார்கள். எஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு உடைந்து அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் மாறியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

அந்த இடத்துக்குத்தான் வேதிச் சமநிலை என்று பெயர். வினை உண்மையில் நின்றுவிடவில்லை. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் நீரும் உருவாகும் வேகமும், எஸ்டரும் நீரும் சேர்ந்து பழையபடி அமிலமும் ஆல்கஹாலும் ஆகும் வேகமும் சமமாகிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறாதது போலத் தெரிகிறது.

வினையூக்கி எதுவும் சேர்க்காவிட்டால் இந்தச் சமநிலையை எட்ட மிக நீண்ட காலம் ஆகும். 1895-இல் ஜெர்மனியின் எமில் ஃபிஷரும் ஆர்தர் ஷ்பையரும், சிறிதளவு வலிமையான அமிலத்தைச் சேர்த்து, மிகையான ஆல்கஹாலில் கொதிக்கவைத்தாலே போதும், சில மணி நேரத்தில் நல்ல அளவு எஸ்டர் கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். இன்று கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படும் ஃபிஷர் எஸ்டராக்கல் இதுதான். இதில் இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வினையூக்கி முன்வினை, பின்வினை இரண்டையும் ஒரே அளவு விரைவாக்குகிறது. அதனால் சமநிலை சீக்கிரம் வரும். ஆனால் அது இருக்கும் இடம் மாறாது. சூடேற்றுவதும் பெரும்பாலும் வேகத்துக்காகத்தான். இந்த வினையில் வெப்பம் வெளிப்படுவதும் உறிஞ்சப்படுவதும் மிகக் குறைவு என்பதால், வெப்பநிலையை உயர்த்தினாலும் சமநிலை அதிகம் நகர்வதில்லை. இடத்தை நகர்த்த வேண்டுமானால் முக்கியமாக இரண்டு வழிகள்: ஆல்கஹாலை மிகையாகச் சேர்க்க வேண்டும், அல்லது உருவாகும் நீரை அகற்ற வேண்டும்.

மிகையான ஆல்கஹால் எவ்வளவு உதவும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். சமநிலையில் எஸ்டரின் அளவை நீரின் அளவால் பெருக்கி, மிஞ்சிய அமிலத்தையும் ஆல்கஹாலையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் வருவது சமநிலை மாறிலி. அசெட்டிக் அமிலம், எத்தனால் வினைக்கு இது சுமார் 4. சம அளவில் கலந்தபோது எஸ்டரும் நீரும் மூன்றில் இரண்டு பங்கு, அமிலமும் ஆல்கஹாலும் மூன்றில் ஒரு பங்கு. இரண்டை ஒன்றால் வகுத்து, அதன் வர்க்கத்தை எடுத்தால் 4. இனி ஒரு மோல் அமிலத்துக்கு n மோல் ஆல்கஹால் சேர்க்கிறோம், அமிலத்தில் x பங்கு எஸ்டராகிறது என்று கொண்டால் கணக்கு இப்படி வரும்:

x² = 4(1 − x)(n − x)

ஆல்கஹால் ஒரு மோல் என்றால் 66.7 சதவீத அமிலம் எஸ்டராகும். இரண்டு மோல் என்றால் 84.5, மூன்று என்றால் 90.3, ஐந்து என்றால் 94.5, பத்து என்றால் 97.4 சதவீதம். முதல் மடங்கு மிகையிலேயே பெரிய ஆதாயம் கிடைத்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு மோலும் கொண்டுவரும் பலன் குறைந்துகொண்டே போகிறது. மிகை அதிகமாகும்போது மனக்கணக்காகவே ஒரு மதிப்பீடு செய்யலாம்: மாறாமல் மிஞ்சும் அமிலத்தின் சதவீதம் ஏறத்தாழ 25-ஐ n-ஆல் வகுத்தால் வருவது. பத்து மோலுக்கு 2.5; சரியான விடை 2.6. மிச்சத்தைப் பாதியாக்க வேண்டுமானால் ஆல்கஹாலை இரட்டிப்பாக்க வேண்டும். அப்படி இரட்டிப்பாக்கினால் அமிலமும் வினையூக்கியும் நீர்த்துப்போய் வினை மெதுவாகும். பிறகு அத்தனை ஆல்கஹாலையும் வெளியேற்றவும் வேண்டும். ஐந்து முதல் பத்து மடங்கோடு பலரும் நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

இப்போது ஒரு உண்மையான செய்முறையை எடுத்துக்கொள்வோம். பென்சாயிக் அமிலமும் மெத்தனாலும் சேர்ந்தால் இனிய மணமுள்ள மெத்தில் பென்சோயேட் கிடைக்கும். குடுவையில் 10 கிராம் பென்சாயிக் அமிலம், 25 மில்லிலிட்டர் மெத்தனால். அதில் 3 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலத்தைக் குலுக்கியபடி மெதுவாகச் சேர்த்து, மேலே குளிர்விப்பானைப் பொருத்தி ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். மெத்தனால் நச்சு, அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே புகைபோக்கி அறையில், நெருப்பில்லாத சூடேற்றியில்தான் இதைச் செய்ய வேண்டும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், நீர் 100 டிகிரியில். நீரை மட்டும் கொதிக்கவைத்து வெளியேற்றப் பார்த்தால் மெத்தனால்தான் முதலில் போய்விடும். இங்கே நீரை அகற்றும் வழியைவிட மிகையான மெத்தனாலே வசதி என்பதற்கு இதுவே காரணம்.

பத்து கிராம் பென்சாயிக் அமிலம் என்பது 0.082 மோல். 25 மில்லிலிட்டர் மெத்தனால் ஏறத்தாழ 19.8 கிராம், அதாவது 0.617 மோல். ஆல்கஹால் ஏழரை மடங்கு. அமிலம் முழுவதும் மாறினால் கிடைக்கக்கூடிய எஸ்டர் 11.15 கிராம். இதுவே ஏட்டளவு உச்சம். விளைச்சலை எப்போதும் குறைவாக இருக்கும் பொருளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். மெத்தனாலின் அளவை வைத்துக் கணக்கிட்டால் விடை அபத்தமாக இருக்கும்.

மாறிலியை 4 என்று கொண்டால், ஏழரை மடங்கு மிகையில் 96 சதவீதத்துக்கு மேல் மாற வேண்டும். இந்த அமிலத்துக்கு மாறிலி 3 என்று கொண்டாலும் விடை 95 சதவீதம். மிகை அதிகமாக இருக்கும்போது மாறிலியைத் துல்லியமாக அறியாவிட்டாலும் மதிப்பீடு அதிகம் பிசகாது என்பது இந்த முறையின் பெரிய வசதி. ஆக, குடுவைக்குள் சுமார் 10.6 கிராம் எஸ்டர் இருக்க வேண்டும். அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான அமிலம் மிஞ்ச வேண்டும்.

கலவையை ஆறவிட்டு, 50 மில்லிலிட்டர் நீரில் ஊற்றி, ஈதரால் எஸ்டரைப் பிரித்தெடுக்க வேண்டும். இவ்வளவு நீர் சேர்த்தால் வினை பின்னோக்கித் திரும்பிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. கலவை குளிர்ந்திருக்கிறது, வினையூக்கி நீர்த்துவிட்டது, எஸ்டர் ஈதர் அடுக்குக்குப் போய்விடுகிறது. பின்வினை நடக்கலாம், ஆனால் பிரித்தெடுக்கும் சில நிமிடங்களில் அது பொருட்படுத்தும் அளவுக்கு நடக்காது. மெத்தனால் நீரோடு போய்விடும். அடுத்து, ஈதர் அடுக்கைச் சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவ வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வரும் என்பதால் பிரிபுனலின் அழுத்தத்தை அடிக்கடி வெளியேற்ற வேண்டும். மிஞ்சிய பென்சாயிக் அமிலம் சோடியம் பென்சோயேட்டாக மாறி நீர் அடுக்குக்கு வந்துவிடும். ஈதரை உலர்த்தி, ஆவியாக்கி நீக்கிய பின், 199 டிகிரி அளவில் காய்ச்சி வடித்தால் தூய எஸ்டர் கிடைக்கும்.

வடித்தெடுத்த எஸ்டர் 7.8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் 70 சதவீதம். கணக்குச் சொன்ன 95 எங்கே போயிற்று? பெரும்பாலான மாணவர்கள் “வினை முழுமையாக நடக்கவில்லை” என்று எழுதிவிடுவார்கள். அது உண்மையா என்பதற்கான சான்று, பலரும் கீழே ஊற்றிவிடும் அந்தக் கார்பனேட் கழுவுநீரில்தான் இருக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாகச் சேர்த்தால் பென்சாயிக் அமிலம் வெண்ணிற வீழ்படிவாகப் பிரியும். அதைப் பனிக்கட்டியில் குளிர்வித்து, வடிகட்டி, உலர்த்தி எடைபோட வேண்டும். பென்சாயிக் அமிலம் 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் மூன்று கிராமுக்கு மேல் கரையும். எனவே கழுவுநீரின் அளவைக் குறைவாக வைத்து நன்கு குளிர்விக்காவிட்டால், தேடும் பொருளில் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும்.

திரும்பக் கிடைத்த அமிலம் அரை கிராம் என்றால், சமநிலை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. 95 சதவீதம் மாறிவிட்டது. காணாமல் போன 2.8 கிராம் எஸ்டர், பிரிபுனலின் சுவரிலோ, கழுவுநீரிலோ, உலர்த்தப் பயன்பட்ட உப்பிலோ, வடிகுடுவையின் அடியிலோ தங்கியிருக்கிறது. அடுத்த முறை மெத்தனாலைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. ஈதரால் இன்னொரு முறை பிரித்தெடுத்து, உலர்த்திய உப்பையும் ஈதரால் அலசினால் விளைச்சல் உயரும்.

திரும்பக் கிடைத்தது இரண்டரை கிராம் என்றால் கதை வேறு. குடுவைக்குள்ளேயே 75 சதவீதம்தான் மாறியிருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நேரம் போதவில்லை அல்லது வினையூக்கி குறைந்துவிட்டது. இன்னொன்று, குடுவைக்குள் நீர் நுழைந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறிய, அதே வினையை இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்க்க வேண்டும். மிஞ்சும் அமிலம் குறைந்தால் முதல் முறை சமநிலையை எட்டவில்லை. குறையாவிட்டால், எட்டிய சமநிலையே தவறான இடத்தில் இருக்கிறது. நீரைத் தேட வேண்டும்.

ஆல்கஹாலோடு வரும் நீரை லேசாக நினைக்கக் கூடாது. எத்தில் எஸ்டர் செய்ய, வடித்தெடுத்த சாதாரண எத்தனாலைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அதில் எடையில் சுமார் 4.4 சதவீதம் நீர் இருக்கும். எட்டு மோல் எத்தனால் ஊற்றினால் கூடவே ஏறத்தாழ ஒரு மோல் நீரும் போகிறது. அதாவது, வினை முழுவதும் நடந்தால் எவ்வளவு நீர் உண்டாகுமோ ஏறத்தாழ அவ்வளவு நீர் தொடக்கத்திலேயே உள்ளே இருக்கிறது. நீரற்ற எத்தனாலில் மிஞ்சும் அமிலம் 3.3 சதவீதம் என்றால், இதில் 6 சதவீதத்துக்கு மேல். மிச்சம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மிகையாக ஊற்றும் ஆல்கஹாலில் நீர் இருந்தால், உதவியும் தடையும் ஒரே குப்பியிலிருந்து வருகின்றன.

மிகையாகச் சேர்ப்பதற்கும் எல்லை உண்டு. ஆல்கஹால் விலை அதிகமானதாக இருந்தால், மலிவான அமிலத்தை மிகையாகச் சேர்ப்பதே சரி. கணக்கு இரு பக்கமும் ஒன்றுதான். பியூட்டனால் போன்ற உயர் கொதிநிலை கொண்ட ஆல்கஹாலுக்கு, கொதிக்கும் ஆவியோடு நீரை இழுத்துத் தனியே சேர்க்கும் டீன்–ஸ்டார்க் கருவி பொருத்தமானது. நீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால் ஆல்கஹாலை மிகையாக ஊற்றாமலேயே வினை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடும்.

ஆய்வகக் குறிப்பேட்டில் விளைச்சல் என்று ஒரு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். கணக்கு சொன்னது எவ்வளவு, மிஞ்சிய அமிலம் காட்டியது எவ்வளவு, குப்பியில் கிடைத்தது எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளி வினையின் குறை. அடுத்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி கையின் குறை. எதைத் திருத்த வேண்டும் என்பது அப்போது தெளிவாகத் தெரியும். அதற்காகவாவது, கார்பனேட் கழுவுநீரை எடைபோட்டு முடிக்கும் வரை கீழே ஊற்றிவிடாதீர்கள்.