லாரி நகரவே இல்லை; எச்சரிக்கை மட்டும் வருவது ஏன்? ஜியோஃபென்ஸ் எல்லையைச் சரியாக அமைக்கும் முறை

ஜிபிஎஸ் கருவி பொருத்தப்பட்ட லாரி கிடங்கை விட்டு வெளியேறினால், உரிமையாளரின் கைபேசிக்கு உடனே தகவல் வர வேண்டும். இதற்காகக் கண்காணிப்பு மென்பொருளின் வரைபடத்தில் வரையப்படும் எல்லையே ஜியோஃபென்ஸ். இரவெல்லாம் நிறுத்தி வைத்த வண்டிக்கு "வெளியேறியது", "நுழைந்தது" என்று மாறி மாறித் தகவல் வந்தால், சில நாள்களிலேயே கைபேசியின் ஒலி அணைக்கப்பட்டுவிடும். அதன் பிறகு வண்டி உண்மையிலேயே திருடு போனாலும் அத்தகவலைப் பார்க்க ஆளிருக்காது.

மும்பையை அடுத்த பிவண்டியில், நாசிக் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து 150 மீட்டர் உள்ளே ஒரு கிடங்கு இருப்பதாகக் கொள்வோம். பெரும்பாலானோர் கிடங்கின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, 300 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு முடித்துவிடுகின்றனர். அந்த வட்டத்திற்குள் நெடுஞ்சாலையின் ஏறத்தாழ 520 மீட்டர் நீளம் அகப்பட்டுக்கொள்கிறது. கிடங்கிற்கு வராமல் நாசிக் செல்லும் லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 31 வினாடிகளில் இதைக் கடக்கிறது. அதற்கு ஒரு நுழைவு எச்சரிக்கை, ஒரு வெளியேற்ற எச்சரிக்கை. பத்து லாரிகள் போய்த் திரும்பினால் ஒரே நாளில் 40 எச்சரிக்கைகள். அவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை.

குறைந்தது இரண்டு நிமிடம் உள்ளே இருந்தால் மட்டுமே நுழைவாகக் கொள்ள வேண்டும் என்று தங்கும் நேரத்தை அமைப்பது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் போக்குவரத்து நெரிசலில் சாலையிலேயே பத்து நிமிடம் நிற்கும் லாரியையும் அது கிடங்கிற்குள் சேர்த்துவிடும். எனவே முதலில் திருத்த வேண்டியது எல்லையின் வடிவத்தைத்தான். வட்டத்தை நீக்கிவிட்டு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பலகோணமாக எல்லையை வரைய வேண்டும். சாலை இல்லாத பக்கங்களில் 30 மீட்டர் வரை தாராளமாக விடலாம். சாலைப் பக்கம் இடைவெளி குறைவாக இருப்பது நல்லது. தங்கும் நேரக் கட்டுப்பாட்டை அதன் பின்னரே சேர்க்க வேண்டும்.

எல்லை சுருங்கியதும் வேறொரு சிக்கல் தலைதூக்கும். திறந்த வெளியில் சில மீட்டர் பிழையுடன் இடத்தைக் காட்டும் கருவி, தகரக் கொட்டகையின் கீழ் தடுமாறுகிறது. செயற்கைக்கோள் சிக்னல் தகரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருவதால், அசையாத வண்டி 60, 70 மீட்டர் தள்ளி இருப்பதாகப் பதிவாகலாம். இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அந்த இரவுக்கான பயணப் பதிவைத் திறந்தால் எஞ்சின் சாவி அணைந்திருக்கும், வேகம் சுழியமாக இருக்கும், ஆனால் இடம் மட்டும் கிடங்கைச் சுற்றி நட்சத்திர வடிவில் சிதறிக் கிடக்கும்.

இதற்கு வெளியேற்ற விதியில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும்: எஞ்சின் சாவி போடப்பட்டிருத்தல், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் இருத்தல், அடுத்தடுத்த மூன்று பதிவுகள் எல்லைக்கு வெளியே இருத்தல். கருவி 10 வினாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பினால், உண்மையான வெளியேற்றம் ஏறத்தாழ அரை நிமிடத் தாமதத்தில் தெரியவரும். இந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

இத்துடன் நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. சாவி போடாமலேயே வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றால் மேற்கண்ட விதி வாய் திறக்காது. அதற்கென இரண்டாவது எல்லை ஒன்று தேவை. முதல் எல்லையிலிருந்து 200 மீட்டர் வெளியே அதை வரைந்து, சாவி அணைந்த நிலையில் வண்டி அதைத் தாண்டினால் எச்சரிக்கும்படி அமைக்கலாம். சாவி அணைந்த வண்டிகளுக்கு மட்டுமே இது பொருந்துவதால், நெடுஞ்சாலை இதற்குள் வந்தாலும் ஓடும் லாரிகளால் தொல்லையில்லை.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிறுத்தப்பட்ட வண்டியின் கருவி, மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் தகவல் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அப்போது மூன்று பதிவுகளுக்குக் காத்திருந்தால் அரை மணி நேரம் போய்விடும். ஆகவே இந்த விதிக்கு ஒரு பதிவே போதும் என்று வைத்து, கருவியில் அசைவு உணரி இருந்தால் குலுங்கியதும் விரைவாகத் தகவல் அனுப்பும்படி மாற்றிவிட வேண்டும்.

நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் கருவி தகவல்களைச் சேமித்து வைத்துப் பின்னர் மொத்தமாக அனுப்பும். எச்சரிக்கையில் தோன்றும் நேரம், வண்டி எல்லையைத் தாண்டிய நேரமா, தகவல் சர்வரை வந்தடைந்த நேரமா என்பதை விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காலை 6 மணிக்குக் கிளம்பிய லாரி 7 மணிக்கு வெளியேறியதாகத் தெரிந்தால், பெரும்பாலும் இதுவே காரணம்.

புதிய விதிகளை இயக்கும் முன், கடந்த ஏழு நாள்களின் பயணப் பதிவை வரைபடத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு லாரி எத்தனை முறை உண்மையில் வாயிலைக் கடந்தது என்று காவலாளியின் பதிவேட்டில் இருக்கும். அந்த எண்ணிக்கையோடு புதிய எல்லையைத் தாண்டிய தடவைகள் ஒத்துப்போகாவிட்டால், எந்த மூலையில் எல்லை தவறாகச் செல்கிறது என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.