ஆணி வேண்டாம், கயிறு போதும்

தீபாவளி முடிந்து சீரியல் பல்பைக் கழற்றும்போதுதான் காம்பவுண்டு சுவரில் நாம் அடித்த ஆணிகள் கண்ணில் படும். பூச்சு அரை அங்குலம்தான் இருக்கும். சுத்தியல் அடியில் அது செங்கல்லை விட்டுப் பெயரும். விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும். ஐப்பசி மழை அந்த ஓட்டை வழியே உள்ளே இறங்கி, பொங்கலுக்குள் பெயின்ட் உப்பிவிடும். செல்லோ டேப்பும் உதவாது. உரிக்கும்போது பெயின்டையும் சேர்த்தே உரிக்கும்.

எங்கள் வீட்டுச் சுவர் இருபதடி. இரண்டு தூண்களுக்கும் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினோம். துணி இல்லாவிட்டால் தூணின் விளிம்பைக் கயிறு அறுக்கும். நடுவில் தொய்யாமலிருக்க, சுவர் மேல் மணல் நிரப்பிய இரண்டு பாட்டில்களை வைத்துக் கயிற்றை அவற்றில் ஒரு சுற்று சுற்றினோம். சீரியல் பல்பைத் துணி கிளிப்பால் கயிற்றில் மாட்டினால் போதும்.

சாமந்தி மாலை நனைந்தால் கனக்கும், சுவரில் கறையும் விடும். அதை கேட்டின் கம்பியிலேயே கட்டுங்கள். மின்வயரை மட்டும் இரும்பு கேட்டில் சுற்றாதீர்கள். கீல் பக்கம் நசுங்கித் தோல் கிழிந்தால் கேட் முழுக்க மின்சாரம் பாயும்.