இரண்டு திருத்தம் என்றால் எத்தனை?

வாட்ஸ்அப் கல்யாணப் பத்திரிகை செய்து தருபவர்களின் விளம்பரத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘மாதிரிகள் கீழே. 2 நாளில் டெலிவரி. 2 திருத்தம் இலவசம்.’ இதில் அதிகம் தகராறு வருவது கடைசிப் பகுதியில்தான்.

திருத்தம் என்பது ஒரு பிழையல்ல, ஒரு சுற்று. முதல் வடிவம் வந்ததும் பெண் வீட்டார் தாய்மாமன் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள், அது ஒன்று. மாலையில் மாப்பிள்ளை வீட்டார் இனிஷியலை மாற்றச் சொல்கிறார்கள், அது இரண்டு. மறுநாள் முகூர்த்த நேரத்தில் தவறு தெரிந்தால் கூடுதல் கட்டணம். இந்த மூன்றையும் ஒரே பட்டியலாக அனுப்பியிருந்தால் ஒரு திருத்தத்தோடு முடிந்திருக்கும். எனவே இரு வீட்டுப் பெரியவர்களும் பார்த்த பிறகே பதில் அனுப்புங்கள். வடிவமைப்பாளர் செய்த எழுத்துப்பிழை கணக்கில் வராது என்பதையும், மாடலையே மாற்றினால் அது புது வேலையா என்பதையும் முன்பணத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் என்பது பெரும்பாலும் முழு விவரமும் முன்பணமும் கிடைத்த நேரத்திலிருந்து தொடங்கும். நீங்கள் பதில் தரத் தாமதித்தால் அந்த நேரம் அதில் சேராது.

மாதிரி பார்க்கும்போது, உறவினர் பெயர்கள் நிறைந்த தமிழ்ப் பத்திரிகையைக் கேளுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால் சிறிய எழுத்து மங்கும். இறுதிக் கோப்பைப் பிடிஎஃப்பாகவும் வாங்குங்கள்.